எழுபதைத் தாண்டியவருக்குத் திடீர் ஹீமோஃபிலியா: ஆன்டிபாடியை அடக்க எந்த மருந்தில் தொடங்குவது?

76 வயதுப் பெரியவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட நோயாளிதான் இவர், ஆனால் இந்த நோயோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய இப்படித்தான் வருவார்கள். எடை 58 கிலோ. இருபது வருடமாகச் சர்க்கரை. ஆறு வருடத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினம் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். எங்கும் விழவில்லை, இடித்துக்கொள்ளவும் இல்லை. ஒரு நாள் காலையில் வலது கையில் முழங்கைக்கு மேல் கருநீலமாகக் கன்றியிருந்தது. நான்கு நாளில் அது மணிக்கட்டு வரை இறங்கிவிட்டது. அடுத்து இடுப்பில் ஒன்று, தொடையின் பின்பக்கம் ஒன்று. தொடை கல் மாதிரி இறுகி, காலை ஊன்ற முடியவில்லை. பக்கத்து மருத்துவமனையில் "ஆஸ்பிரினால்தான்" என்று சொல்லி அதை நிறுத்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 12.4இலிருந்து 7.8க்கு வந்திருந்தது.

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எல்லாம் ஒரே ஒரு வரியில் இருக்கும். தட்டணுக்கள் 2.4 லட்சம், சரி. ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று அளக்கும் சோதனைகள் இரண்டு, பிடியும் ஏபிடிடியும். பிடி 12.5 விநாடி, அதுவும் சரி. ஏபிடிடி மட்டும் 84 விநாடி. இயல்பானவருக்கு அது 30 விநாடியைச் சுற்றித்தான் இருக்க வேண்டும். ஆஸ்பிரின் தட்டணுக்களின் வேலையைக் கெடுக்குமே தவிர ஏபிடிடியை நீட்டாது. அதனால் 84 என்ற எண்ணைப் பார்த்த பிறகு ஆஸ்பிரின்மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிட முடியாது.

அடுத்த சோதனை, கலவைச் சோதனை. நோயாளியின் பிளாஸ்மாவையும் நல்லவர் ஒருவரின் பிளாஸ்மாவையும் சரிபாதியாகக் கலந்து மறுபடி ஏபிடிடி பார்ப்பார்கள். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை ஃபேக்டர் என்பார்கள். அவற்றில் ஏதாவது ஒன்று வெறுமனே குறைந்திருந்தால், நல்ல பிளாஸ்மாவிலிருந்து அது கிடைத்து நேரம் இயல்புக்கு வந்துவிடும். இவருக்குக் கலந்த உடனே பார்த்தபோது 44 விநாடி வந்தது. "ஓரளவு சரியாகிறது" என்று எழுதி மூடிவிட வாய்ப்புள்ள இடம் இதுதான். அதே கலவையை 37 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுப் பார்த்தால் 77 விநாடி. ஃபேக்டர் எட்டைத் தாக்கும் ஆன்டிபாடி மெதுவாக வேலை செய்வது. உடல் சூட்டில் நேரம் கொடுத்தால்தான் தன்னைக் காட்டிக்கொள்ளும். அதனால் கலவைச் சோதனை முடிவு கையில் வந்தால், இரண்டு மணி நேரம் வைத்துப் பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். டிரிப் லைன் வழியாக எடுத்த ரத்தத்தில் கலந்துவிடும் ஹெப்பாரினும், டபிகட்ரான் போன்ற ரத்தம் மெலிய வைக்கும் மாத்திரைகளும்கூட ஏபிடிடியை நீட்டும் என்பதால் அவை இல்லை என்று உறுதிசெய்துகொள்வதும் அவசியம்.

கடைசியாக இரண்டு எண்கள். ஃபேக்டர் எட்டு 1 சதவீதத்துக்கும் கீழே. ஆன்டிபாடியின் அளவு 34 பெதெஸ்டா அலகு. இரண்டு மணி நேரத்தில் ஃபேக்டர் எட்டின் வேலையைப் பாதியாக்கும் அளவு ஆன்டிபாடிதான் ஒரு அலகு. இதுதான் பெற்றுக்கொண்ட ஹீமோஃபிலியா. மகள் கேட்பார், "டாக்டர், இது பரம்பரை வியாதிதானே, எங்க பிள்ளைங்களுக்கும் வருமா?" வராது. இவருடைய மரபணுவில் எந்தக் கோளாறும் இல்லை. உடலின் எதிர்ப்பு மண்டலமே தன் ஃபேக்டர் எட்டைப் பகையாக எடுத்துக்கொண்டுவிட்டது. பிரிட்டனில் எடுத்த கணக்குப்படி ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றரைப் பேருக்கு வருகிறது. பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களுக்கு. பாதிப் பேரில் காரணம் எதுவும் தெரிவதில்லை. மீதிப் பேரில் புற்றுநோய், ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் போன்ற தன்னெதிர்ப்பு நோய்கள், சில மருந்துகள் என்று ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும். இளம் பெண்களில் பிரசவத்துக்குப் பிறகும் வருவதுண்டு.

முதல் வேலை: இப்போதைய ரத்தக்கசிவு

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே கருத்து வேறுபாடு குறைவு. தோலில் தெரியும் கன்றல் எவ்வளவு பரவலாக, பயங்கரமாகத் தெரிந்தாலும் அதற்காக மட்டும் விலை உயர்ந்த ஊசிகளைப் போட வேண்டியதில்லை. தொடையில் இறுகும் ரத்தக்கட்டு, வயிற்றுக்குப் பின்பக்கத் தசையில் கசிவு, குடலில் அல்லது தலையில் கசிவு, ஹீமோகுளோபின் இறங்குவது ஆகியவற்றுக்குத்தான் உடனடி மருந்து தேவை.

பிளாஸ்மா பாட்டில்களை ஏற்றுவதால் பலன் இல்லை. சாதாரண ஃபேக்டர் எட்டைக் கொடுத்தாலும் ஆன்டிபாடி அதையும் தின்றுவிடும். அதனால் ஃபேக்டர் எட்டைச் சுற்றிக்கொண்டு போகும் மருந்துகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்று, ரீகாம்பினன்ட் ஃபேக்டர் ஏழு-ஏ. கிலோவுக்கு 90 மைக்ரோகிராம், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை. இவருக்கு ஒரு வேளைக்கு 5 மில்லிகிராமுக்குச் சற்று மேல். இன்னொன்று, ஃபீபா என்று எல்லோரும் சொல்லும் பிளாஸ்மா மருந்து, கிலோவுக்கு 50 முதல் 100 அலகு, எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஐரோப்பாவில் 501 நோயாளிகளைச் சேர்த்த ஒரு பதிவேட்டில், இப்படிச் சுற்றிப்போகும் மருந்து பெற்றவர்களில் 93 சதவீதம் பேருக்குக் கசிவு நின்றது. ஃபேக்டர் எட்டையோ, உடலில் சேமித்திருக்கும் ஃபேக்டர் எட்டை வெளியே கொண்டுவரும் டெஸ்மோபிரெஸ்ஸினையோ பெற்றவர்களில் 68 சதவீதம் பேருக்குத்தான். வெளிநாடுகளில் பன்றியின் ஃபேக்டர் எட்டைப் போலச் செய்த மருந்தும் உண்டு. இந்த ஆன்டிபாடி அதை அவ்வளவாக அடையாளம் காண்பதில்லை.

இவற்றில் எதைத் தேர்ந்தாலும் ரத்தம் தேவையில்லாத இடத்தில் உறையும் ஆபத்து உண்டு. ஸ்டென்ட் வைத்திருக்கும் நம் பெரியவருக்கு அது சிறிய விஷயம் அல்ல. இறுகிய தொடையைக் கீறி ரத்தத்தை வெளியேற்றலாம் என்று யாராவது சொன்னால், ரத்தவியல் மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தசையில் ஊசியும் போடக் கூடாது.

இனி, முடிவெடுக்க வேண்டிய இடம்

கசிவை நிறுத்தினாலும் ஆன்டிபாடி அங்கேயேதான் இருக்கிறது. அது போகும்வரை அடுத்த கசிவு எந்த நாளும் வரலாம். பெதெஸ்டா அளவு குறைவாக இருப்பதாலோ ஃபேக்டர் எட்டு கொஞ்சம் மீந்திருப்பதாலோ கசிவு லேசாக இருக்கும் என்று நம்பவும் முடியாது. இந்த நோயில் அந்த எண்களுக்கும் கசிவின் கடுமைக்கும் பொருத்தம் இருப்பதில்லை. ஆகவே ஆன்டிபாடியை அடக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுப்பதுதான் வழக்கம். அதில்தான் நான்கு வழிகள்: ஸ்டீராய்டு மட்டும், ஸ்டீராய்டோடு சைக்ளோபாஸ்ஃபமைடு, ஸ்டீராய்டோடு ரிடுக்ஸிமாப், அல்லது இவற்றை ஒத்திவைத்துவிட்டு எமிசிஸுமாப் ஊசியால் ரத்தக்கசிவைத் தடுத்துக்கொண்டு காத்திருப்பது.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு தகவலை நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனி, ஆஸ்திரியா மருத்துவமனைகள் 102 நோயாளிகளை ஒரே முறையில் சிகிச்சை செய்து கவனித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. முதலில் ஸ்டீராய்டு, மூன்று வாரத்தில் பலன் இல்லையென்றால் சைக்ளோபாஸ்ஃபமைடு, அதுவும் போதாவிட்டால் ரிடுக்ஸிமாப் என்பதே அந்த முறை. 83 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. ஆனால் ரத்தக்கசிவால் இறந்தவர்கள் 3 சதவீதம், தொற்றுநோயால் இறந்தவர்கள் 16 சதவீதம். எந்த நோய்க்குப் பயந்து மருந்து கொடுக்கிறோமோ, அதைவிட மருந்தால் வந்த தொற்று அதிகம் பேரைக் கொண்டுபோயிருக்கிறது. எழுபதைத் தாண்டியவர்களின் வீட்டார் எது வேகமாகக் குணப்படுத்தும் என்றுதான் கேட்பார்கள். எதைக் கொடுத்தால் இவர் இந்த மூன்று மாதத்தைத் தாண்டுவார் என்று கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டீராய்டு மட்டும்

பிரெட்னிசோலோன், கிலோவுக்கு 1 மில்லிகிராம். இவருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராம், மூன்று நான்கு வாரம், அப்புறம் படிப்படியாகக் குறைப்பது. விலை அற்பம், எந்த ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும். யாருக்கு இது போதும் என்பதும் ஓரளவு தெரியும். அதே 102 பேர் ஆய்வில், ஃபேக்டர் எட்டு 1 சதவீதமோ அதற்கு மேலோ, கூடவே ஆன்டிபாடி 20 பெதெஸ்டாவுக்குக் கீழேயும் இருந்தவர்களுக்கு வெறும் ஸ்டீராய்டிலேயே மூன்று வாரத்துக்குள் நோய் தணிவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. 2020இல் வந்த சர்வதேசப் பரிந்துரையும் இதே கோட்டைத்தான் கிழிக்கிறது. இந்தக் கோட்டுக்குள் இருப்பவருக்கு முதலில் ஸ்டீராய்டு மட்டும். கோட்டைத் தாண்டியவருக்குத் தொடக்கத்திலேயே இரண்டாவது மருந்தும் சேர்த்து.

நம் பெரியவர் இரண்டு எண்களிலும் கோட்டைத் தாண்டிவிட்டார். ஸ்டீராய்டை மட்டும் கொடுத்துக்கொண்டு பல வாரம் காத்திருந்தால், கசிவும் நிற்காது, 60 மில்லிகிராமின் தீமை மட்டும் ஏறிக்கொண்டே போகும். அந்தத் தீமையை நம் ஊர் வயதானவர்களிடம் குறைத்து மதிப்பிடக் கூடாது. மாத்திரையிலும் கட்டுப்படாத சர்க்கரை ஒரே வாரத்தில் 400ஐத் தொடும், இன்சுலின் தொடங்க வேண்டிவரும். தசை கரையும். படுக்கையில் இருக்கும் 76 வயதுக்காரருக்குத் தொடைத் தசை கரைவது என்றால், கசிவு நின்ற பிறகும் எழுந்து நடக்க முடியாமல் போவது. எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு இருந்தால் அது மறுபடி கிளம்பலாம். வயலில் வெறுங்காலோடு உழைத்தவர்களின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு பல வருடம் ஓசைப்படாமல் இருக்கும். ஸ்டீராய்டு தொடங்கியதும் அது உடல் முழுக்கப் பரவி உயிரை எடுக்கக்கூடும். அதனால்தான் பல மருத்துவர்கள் முன்கூட்டியே ஐவர்மெக்டின் கொடுத்துவிடுகிறார்கள். இதை எழுதித் தரும்படி கேட்பதில் தவறே இல்லை.

சைக்ளோபாஸ்ஃபமைடு சேர்த்தால்

கிலோவுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிகிராம், தினம் மாத்திரையாக, ஆறு வாரத்துக்கு மேல் இல்லை. இதுவும் மலிவு. ஐரோப்பியப் பதிவேட்டில் ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம் பேர் நிலையாகக் குணமடைந்தார்கள். சைக்ளோபாஸ்ஃபமைடும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 70 சதவீதம். இவ்வளவு பெரிய வித்தியாசம் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பதிவேடு. யாருக்கு எந்த மருந்து என்பதை அந்தந்த மருத்துவரே தேர்ந்திருக்கிறார், திடகாத்திரமானவர்களுக்கு வலுவான மருந்து போயிருக்க வாய்ப்புண்டு. இறந்தவர்களின் எண்ணிக்கையில் இரு தரப்புக்கும் அந்த அளவு வித்தியாசம் காணப்படவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சைக்ளோபாஸ்ஃபமைடு எலும்பு மஜ்ஜையை அடக்குகிறது. வெள்ளணுக்கள் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் விழும். வாரத்துக்கு ஒருமுறை, முடிந்தால் இரண்டுமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். வாரம் ஒருமுறை ரத்தம் எடுக்க ஆள் இல்லாத வீட்டுக்கு இந்த மருந்தை எழுதிக் கொடுத்து அனுப்புவது ஆபத்து என்று நினைக்கிறேன். சிறுநீர்ப்பையிலும் இது ரத்தக்கசிவு உண்டாக்கும், ஏற்கெனவே ரத்தம் உறையாதவருக்கு அது இரட்டைச் சுமை. மாத்திரையைக் காலையிலேயே போட்டு, நாள் முழுக்க நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வது இதனால்தான். சிறுநீரகம் பலவீனமான சர்க்கரை நோயாளியிடம் அளவையும் குறைக்க வேண்டியிருக்கும்.

65 வயது, நல்ல நடமாட்டம், சர்க்கரை இல்லை, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, பணம் குறைவு என்றால் இந்தக் கூட்டு மருந்தை நான் தயங்காமல் ஏற்பேன். நம் பெரியவருக்கு அல்ல.

ரிடுக்ஸிமாப்

ஆன்டிபாடியைத் தயாரிக்கும் பி செல்களை நேரடியாகக் குறிவைக்கும் மருந்து இது. உடல் பரப்புக்கு ஏற்றபடி சதுர மீட்டருக்கு 375 மில்லிகிராம். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள இவருக்கு ஒரு வேளைக்குச் சுமார் 610 மில்லிகிராம், வாரம் ஒன்றாக நான்கு வாரம், நரம்பு வழியாக மணிக்கணக்கில் மெதுவாக ஏற்றப்படும். இந்தியாவிலேயே 2007 முதல் இதன் நகல் மருந்து தயாராவதால் விலை முன்பிருந்ததைவிட எட்டக்கூடியது.

மஜ்ஜையை அவ்வளவாகத் தொடாது, சர்க்கரையை ஏற்றாது. குறை, மெதுவாகத்தான் வேலை செய்யும். பதிவேட்டில் ஸ்டீராய்டு வழியில் சுமார் ஐந்து வாரத்தில் குணம் தெரிந்தது, ரிடுக்ஸிமாப் சேர்த்தவர்களுக்கு ஏறக்குறைய இரு மடங்கு நாளானது. அதுவரை கசிவு ஆபத்து தொடரும். பி செல்கள் ஆறு மாதமோ அதற்கு மேலோ இல்லாமல் போவதால், அந்தக் காலத்தில் போடும் தடுப்பூசிகளும் சரியாகப் பிடிக்காது.

தொடங்குமுன் கட்டாயம் பார்க்க வேண்டியது ஹெபடைட்டிஸ் பி. இப்போது வைரஸ் இருக்கிறதா என்று காட்டும் சோதனை மட்டும் போதாது. எப்போதோ வந்து போனதைக் காட்டும் ஆன்டி-எச்பிகோர் சோதனையும் தேவை. இளம் வயதில் வந்து அடங்கிப்போன வைரஸ் ரிடுக்ஸிமாபுக்குப் பிறகு கல்லீரலைச் செயலிழக்க வைத்த சம்பவங்கள் உண்டு. சோதனை பாசிட்டிவ் என்றால் மருந்தை விட வேண்டியதில்லை, கூடவே வைரஸ் மாத்திரை கொடுத்துக்கொண்டே போகலாம். தெரியாமல் போவதுதான் தவறு. ஒரு சிக்கல்: பிளாஸ்மாவோ ரத்தமோ ஏற்றிய பிறகு இந்தச் சோதனையைச் செய்தால், கொடுத்தவரின் ஆன்டிபாடி காட்டிப் பொய்யாகப் பாசிட்டிவ் வரலாம். முதல் நாளே எடுத்துவிட்டால் குழப்பம் இல்லை.

எமிசிஸுமாப்: அடக்காமல் காத்திருக்கும் வழி

பிறவி ஹீமோஃபிலியாவுக்காக வந்த மருந்து இது. ரத்தம் உறையும் சங்கிலியில் ஃபேக்டர் எட்டு செய்யும் வேலை, ஒன்பதையும் பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்துக்கொடுப்பது. எமிசிஸுமாப் அதே வேலையைச் செய்கிறது, ஆனால் உருவத்தில் ஃபேக்டர் எட்டோடு எந்த ஒற்றுமையும் இல்லாததால் ஆன்டிபாடியின் கண்ணில் படுவதில்லை. இன்சுலின் போலத் தோலுக்கு அடியில் போடும் ஊசி. ஜப்பானில் பெற்றுக்கொண்ட ஹீமோஃபிலியாவுக்கென்றே 2022இல் அனுமதி பெற்றது. மற்ற இடங்களில் பெரும்பாலும் மருத்துவர் பொறுப்பேற்றுப் பயன்படுத்துவது.

2023இல் வெளிவந்த ஜெர்மனி-ஆஸ்திரியா ஆய்வில் 47 நோயாளிகளுக்கு இதைக் கொடுத்து, முதல் பன்னிரண்டு வாரம் ஸ்டீராய்டோ வேறு எதிர்ப்புச் சக்தி மருந்தோ தரவே இல்லை. அந்த வாரங்களில் ஒரு நோயாளிக்கு வாரத்துக்கு 0.04 கசிவு. முன்னர் சொன்ன ஸ்டீராய்டு முறை ஆய்வில் அது 0.15. வேறு காலத்து நோயாளிகளோடு ஒப்பிட்டது, குலுக்கல் முறையில் பிரித்தது அல்ல என்பது உண்மை. இருந்தும், மூன்று மாதம் எதிர்ப்புச் சக்தியைத் தொடாமல் ஒரு வயதானவரைப் பாதுகாக்க முடிகிறது என்பதே எனக்கு மிகப் பெரிய செய்தி. அந்த மூன்று மாதத்தில் அவர் நடக்கத் தொடங்கியிருப்பார், படுக்கைப்புண் இல்லை, நிமோனியா இல்லை. அதற்குப் பிறகு தேவைப்பட்டால் ரிடுக்ஸிமாப் போன்றதைத் தாங்கும் உடலோடு வருவார். சிலருக்கு ஆன்டிபாடி தானாகவே போய்விடுவதும் உண்டு.

அளவு: முதல் நாள் கிலோவுக்கு 6 மில்லிகிராம், இரண்டாம் நாள் 3, எட்டாம் நாளிலிருந்து வாரம் 1.5. இவருக்கு அது 348, 174, பிறகு வாரம் 87 மில்லிகிராம். பன்னிரண்டு வாரத்துக்குக் கூட்டினால் 1,480 மில்லிகிராம் பக்கம் வரும். இங்கேதான் இந்த வழியின் பெரிய தடை, விலை. பல லட்சம் ரூபாய். காப்பீடோ மருத்துவமனை நிதியோ உண்டா என்று முதல் நாளே சமூகப் பணியாளரைக் கேட்டுவிடுவது நல்லது, ஏனென்றால் பாதியில் நிறுத்தினால் பலன் பாதியாகிவிடும். அதேசமயம் ஒன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும்: மறுபடி மறுபடி கசிவு வந்து ஃபேக்டர் ஏழு-ஏ போட வேண்டியிருந்தால், அந்தச் செலவு சில நாளிலேயே இதைத் தாண்டிவிடும்.

தெரிந்துகொள்ள வேண்டிய ஆபத்து இரண்டு. முதலாவது, ஃபீபா. எமிசிஸுமாப் உடலில் இருக்கும்போது ஒரு நாளைக்கு கிலோவுக்கு 100 அலகுக்கு மேல் ஃபீபாவை ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்தவர்களுக்குச் சிறு ரத்தக்குழாய்கள் முழுக்க ரத்தம் உறைந்து சிறுநீரகம் கெட்டிருக்கிறது. இந்த மருந்தின் பாதி உடலைவிட்டுப் போகவே ஏறக்குறைய ஒரு மாதமாகும். அதனால் கடைசி ஊசிக்குப் பிறகும் ஆறு மாதம் ஃபீபாவைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இடையில் கசிந்தால் ஃபேக்டர் ஏழு-ஏ, குறைந்த அளவிலிருந்து. நோயாளியின் பாக்கெட்டில் "எமிசிஸுமாப் போட்டுக்கொண்டிருக்கிறார், ஃபீபா வேண்டாம்" என்று எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். இரவில் வேறு ஊர் மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் அந்த அட்டைதான் பேசும்.

இரண்டாவது, பரிசோதனை ஏமாற்றும். முதல் ஊசிக்குப் பிறகு ஏபிடிடி இயல்பாகிவிடும், ஆன்டிபாடி போய்விட்டதால் அல்ல. சாதாரண ஃபேக்டர் எட்டுப் பரிசோதனையும் பொய்யாக உயர்ந்து காட்டும். "ஃபேக்டர் எட்டு 120 சதவீதம், குணமாகிவிட்டது" என்று நம்பி நிறுத்திவிட்டால் கதை தலைகீழாகும். மாட்டு ரத்தத்தின் ஃபேக்டர்களைப் பயன்படுத்தும் குரோமோஜெனிக் முறையில் அளந்தால்தான் நோயாளியின் சொந்த ஃபேக்டர் எட்டும், மீந்திருக்கும் ஆன்டிபாடியும் தெரியும். இந்த வசதி எல்லா ஆய்வகங்களிலும் இருக்காது. வேலூர் சி.எம்.சி. போன்ற பெரிய ரத்தவியல் துறையுள்ள இடத்துக்கு மாதிரியை அனுப்ப ஏற்பாடு உண்டா என்று மருந்து தொடங்கும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதாகிவிடும்.

ஒரு எச்சரிக்கையும்: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கசிவை எமிசிஸுமாப் நிறுத்தாது. அடுத்ததைத் தடுக்கும், அதுவும் ரத்தத்தில் போதுமான அளவு சேரச் சில நாள் ஆகும். மார்பு வலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கால் வீக்கம் வந்தால் உடனே சொல்ல வேண்டும்.

இந்தப் பெரியவருக்கு என்ன

என்னைக் கேட்டால், பணம் கிடைக்கும் பட்சத்தில் இப்படிப் போவேன். கசிவை ஃபேக்டர் ஏழு-ஏயால் நிறுத்துவேன், ஃபீபாவால் அல்ல, ஏனென்றால் அடுத்து எமிசிஸுமாப் வரப்போகிறது. ஏற்கெனவே ஃபீபா ஓடிக்கொண்டிருந்தால் அதை முந்தைய நாளே நிறுத்திவிட்டுத்தான் எமிசிஸுமாபைத் தொடங்க வேண்டும். அது தொடங்கியதும் ஸ்டீராய்டை ஒதுக்கி வைப்பேன். காசநோய், ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ், ஹெபடைட்டிஸ் பி மூன்றையும் முதல் வாரத்திலேயே பார்த்து முடிப்பேன். மறைந்திருக்கும் புற்றுநோய் உண்டா என்று மார்பு, வயிறு ஸ்கேனும், அவருக்குத் தாங்கும் அளவுக்கு மட்டும். பத்து வாரத்துக்குப் பின்னும் ஆன்டிபாடி அப்படியே இருந்தால் ரிடுக்ஸிமாப்.

எமிசிஸுமாப் எட்டாது என்றால், ரிடுக்ஸிமாபோடு குறைந்த காலத்துக்கு ஸ்டீராய்டு. 60 மில்லிகிராமை நீட்டிக்கொண்டே போகாமல், இரண்டு வாரத்திலேயே குறைக்கத் தொடங்குவேன், சர்க்கரைக்கு இன்சுலினை முதல் நாளே கையோடு தொடங்கி. சைக்ளோபாஸ்ஃபமைடை இவரிடம் கடைசிக்கு வைப்பேன்.

இதே நோய், ஆனால் ஃபேக்டர் எட்டு 4 சதவீதம், ஆன்டிபாடி 6 பெதெஸ்டா, கன்றல் மட்டும்தான், சர்க்கரை இல்லை என்றால், எமிசிஸுமாபைப் பற்றிப் பேசவே வேண்டாம். நான்கு வார ஸ்டீராய்டு, வாரம் ஒரு ஃபேக்டர் எட்டு. மூன்றாம் வாரத்தில் எண் ஏறத் தொடங்கவில்லையானால் இரண்டாவது மருந்தைச் சேர்க்கலாம். மருத்துவர் இரண்டாவது மருந்தை முதல் நாளே எழுதினால், ஏன் என்று பணிவாகக் கேளுங்கள்.

எல்லா வழியிலும் ஒரே மாதிரிக் கவனிக்க வேண்டியது, குணமான பிறகு. ஃபேக்டர் எட்டு திரும்பி வரும்போது பல சமயம் இயல்பைத் தாண்டி 200 சதவீதம் வரை ஏறிவிடும். அந்த வாரங்களில் காலில், நுரையீரலில் ரத்தம் கட்டும் ஆபத்து திரும்பிவிடுகிறது. நேற்று வரை ரத்தம் நிற்காதவருக்கு இன்று ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஊசி கொடுக்கச் சொன்னால் வீட்டார் பதறுவார்கள், ஆனால் படுத்தே இருப்பவருக்கு அது தேவைப்படலாம். நிறுத்தி வைத்த ஆஸ்பிரினையும் ஸ்டென்டுக்காக இந்தக் கட்டத்தில் மறுபடி தொடங்க வேண்டும். எந்த நாளில் என்பதை ரத்தவியல் மருத்துவரும் இதய மருத்துவரும் சேர்ந்து குறிக்கட்டும்.

குணமானவர்களில் ஐந்து அல்லது ஆறு பேரில் ஒருவருக்கு நோய் திரும்பலாம், பெரும்பாலும் மருந்து நிறுத்திய சில மாதத்துக்குள். அதனால் முதல் ஆறு மாதம் மாதம் ஒருமுறை, ஒரு வருடம் முடியும்வரை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருடத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏபிடிடியும் ஃபேக்டர் எட்டும். எமிசிஸுமாப் இன்னும் உடலில் இருக்கும் மாதங்களில் மட்டும் ஏபிடிடியை விட்டுவிட்டு, மேலே சொன்ன குரோமோஜெனிக் முறை. பழைய எண்கள் கையில் இருந்தால்தான் புதிய எண்ணுக்கு அர்த்தம் என்பதால், 84 விநாடி என்று காட்டிய அந்த முதல் சீட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வாரியாக வைத்து, போகும் ஒவ்வொரு மருத்துவரிடமும் கொடுங்கள். பல் பிடுங்கவோ கண்புரை அறுவைக்கோ போகுமுன் அந்த ஃபைலை முதலில் ரத்தவியல் மருத்துவர் பார்த்துவிடட்டும்.